முன்கண்ணாடியா, கதவோர வென்டா, நடு வென்டா: இரவு ஓட்டத்துக்கு போனை எங்கே மாட்டலாம்

சென்னையில் இரவு பத்து மணிக்கு டூட்டி ஏறி காலை ஆறு வரை கேப் ஓட்டுகிறேன். இதுவரை போனை மூன்று இடங்களில் மாட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் முன்கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் ஹோல்டர், அப்புறம் வலப்பக்கக் கதவோர ஏசி வென்டில் ஒரு கிளிப், இப்போது நடு வென்டில் கிளிப். இனி மாற்றுவதாக இல்லை.

பகலுக்கு முன்கண்ணாடி ஹோல்டர் நல்லதுதான், பார்வையை அதிகம் இறக்க வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியில் கப் பிடி விட்டு விழும். தண்ணீரில் கழுவி, காயவைத்து ஒட்டினால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இரவில்தான் அது ஒத்துவரவில்லை. கோவளம் தாண்டி ஈசிஆரில் விளக்கில்லாத இடங்களில், சாலையைப் பார்க்கிற அதே திசையில் திரையும் எரிகிறது. ஓரத்தில் நிற்கும் மாடு தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கதவோர வென்டுக்கு மாற்றியபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கைக்கு எட்டும், சாலையை மறைக்காது. ஒரு வாரத்தில் வேறொன்று பிடிபட்டது. லேன் மாற வலது மிர்ரரைப் பார்க்கும்போதெல்லாம், கதவுக் கண்ணாடியில் மேப்பின் பிம்பம் மிர்ரருக்கு மேலேயே மிதந்தது. வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் கண்ணாடி அப்படித்தான் காட்டும். பின்னால் ஹெட்லைட் இல்லாமல் வந்த ஒரு பைக் அந்தப் பிம்பத்துக்குள் மறைந்துவிட்டது. ஹாரன் கேட்டுத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் விட்டேன்.

உங்கள் வண்டியில் எப்படி என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இருட்டான இடத்தில் ஓரமாக நிறுத்தி, மேப்பை ஓடவிட்டு, சீட்டில் எப்போதும் போல உட்காருங்கள். வலது மிர்ரர், இடது மிர்ரர், நேர் எதிர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபடி திரையைக் கையால் மூடித் திறங்கள். மூடும்போது கண்ணாடியில் ஏதாவது காணாமல் போனால், அது திரையின் பிம்பம்.

என் ஹேட்ச்பேக்கில் நடு வென்டிலிருந்து எந்தக் கண்ணாடியிலும் பிம்பம் விழவில்லை. சார்ஜ் ஏற்றிக்கொண்டே மேப் ஓடும்போது போன் சூடாகும், பின்னாலிருந்து வரும் ஏசி காற்று அதைத் தணிக்கிறது. ஊட்டி போன்ற குளிர்ப் பக்கம் ஹீட்டர் போட்டால் இதுவே தலைகீழாகும், அந்த வென்டை மூடிவிட வேண்டும். ஓடிபி அடிக்க அழுத்தும்போது ஸ்பிரிங் கிளிப் தொங்கிவிடும். அதனால் வென்ட் பட்டைக்குப் பின்னால் கொக்கி போட்டு முறுக்கி இறுக்கும் வகையை வாங்குங்கள். காந்த ஹோல்டரை இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

இடத்தைச் சரிசெய்தாலும் வெளிச்சம் பாக்கி இருக்கிறது. கூகுள் மேப்பில் Color scheme என்பதை Night என வைத்தால் மேப் மட்டும்தான் கருக்கும். புது ட்ரிப் வந்ததும் மேலே எழும்பும் டிரைவர் ஆப், என் போனில் வெள்ளை வெளேரென்று முகத்தில் அடிக்கிறது. அதனால் ஆண்ட்ராய்டு 12 முதல் வரும் Extra dim எனக்கு முக்கியம். வழக்கமான குறைந்தபட்ச வெளிச்சத்துக்கும் கீழே இது முழுத் திரையையும் மங்கச் செய்யும், எந்த ஆப் வந்தாலும் மங்கல்தான். அளவை வீட்டு வெளிச்சத்தில் வைக்காமல் இருட்டுச் சாலையோரத்தில் நின்று வையுங்கள். திருப்பத்தின் அம்புக்குறி தெரிந்தால் போதும், தெருப்பெயர் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. Adaptive brightness-ஐ அணைத்துவிடுங்கள். அது இருந்தால் தெருவிளக்கைக் கடக்கும்போது திரை கூடிக் கூடிக் குறையும். ஐபோன் வைத்திருக்கும் மச்சான் Extra dim-க்குப் பதிலாக Reduce White Point பயன்படுத்துகிறார்.

திரை இவ்வளவு மங்கியபின் குரலை நம்பித்தான் ஓட்ட வேண்டும். காரின் புளூடூத்தில் குரல் தெளிவு, ஆனால் என் வண்டியில் முதல் சொல் அடிக்கடி விழுங்கப்படுகிறது. ‘இடதுபுறம்’ போய் ‘திரும்பவும்’ மட்டும் வந்தால் என்ன செய்வது? அதோடு பின்சீட்டில் கஸ்டமர் தூங்கும்போது எல்லா ஸ்பீக்கரும் பேசும். எனவே Play voice over Bluetooth-ஐ அணைத்து, போனின் ஸ்பீக்கரிலேயே தமிழ்க் குரலை வைத்திருக்கிறேன். ஹோல்டரின் கீழ்த்தாங்கி ஸ்பீக்கர் துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். அன்று அந்த பைக்கின் ஹாரன் எனக்குக் கேட்டது காது திறந்திருந்ததால்தான்.

விடிந்ததும் Extra dim-ஐ அணைக்க வேண்டும், வெயிலில் திரையில் எதுவுமே தெரியாது. அக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்டில் அதைச் சேர்த்துவிட்டால், வண்டி நிற்கும்போது இரண்டு வால்யூம் பட்டனையும் சில நொடி சேர்த்து அழுத்தினால் போதும்.