தேங்கிய சல்வார் செட்: வைத்திருப்பதா, விலையைக் குறைப்பதா, லொட்டாகத் தள்ளுவதா?

கொழும்பு புறக்கோட்டை உடுப்புக் கடைக்காரர்களிடம் தேங்கிய சரக்கைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் 2022-ஐ இழுப்பார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன அந்த வருஷம் றாக்கையில் கிடந்த பழைய சாமானுக்கெல்லாம் திடீரென்று விலை வந்தது, பொறுத்திருந்தவன் பிழைத்தான் என்பது அவர்கள் வாதம். உண்மைதான், ஆனால் அப்போது விலை ஏறியதற்குக் காரணம் புதுச் சாமானை அந்த விலைக்குக் கொண்டுவர முடியாமல் போனது, பழைய டிசைன் திரும்பப் பிடித்துப் போனதல்ல. வெள்ளைத் துணிக்கும் வாகன உதிரிப்பாகத்துக்கும் பொருந்துகிற கணக்கை போன தீபாவளி டிசைனுக்குப் போடக்கூடாது.

ஒரு உதாரணக் கணக்கை வைத்தே பார்ப்போம். தீபாவளிக்கு எடுத்த சல்வார் செட்டில் மார்ச் தொடக்கத்தில் 240 மீதம். ஒன்றின் கிரயம் வற் நீங்கலாக 1,800 ரூபாய், ஆக 432,000 முடங்கிக் கிடக்கிறது. டெக் என்கிற விலைச் சீட்டில் போட்டது 3,540, அதில் 18 வீத வற் 540 அரசாங்கத்துக்கு, கடைக்கு 3,000. இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டெக் விலையையும் கிரயத்தையும் நேரடியாக ஒப்பிட்டு "இன்னும் இலாபம்தானே" என்று சொல்வது கடைகளில் சர்வசாதாரணம். பையும் விற்பனைப் பிள்ளைகளின் கொமிஷனும் ஒன்றுக்கு 60 ரூபாய் என்று வைப்போம்.

முதல் வழி, முழு விலையிலேயே வைத்திருப்பது. இப்போது மாதம் எட்டுத்தான் போகிறது, அதுவும் குறைந்துகொண்டே போகும். ஒரு வருஷத்தில் 70 போனால் 205,800. மிச்சம் 170-ஐயும் அப்போது நடைபாதை வியாபாரிக்கு 500 ரூபாய்ப்படி தள்ளினால் 85,000. மொத்தம் 290,800, அதுவும் பன்னிரண்டு மாதம் காத்திருந்து, ஓவர்டிராஃப்ட் வட்டியும் கட்டி.

இரண்டாவது, சித்திரைப் புத்தாண்டுக்கு முன் விலையைக் குறைப்பது. மார்ச் முழுக்க 30 வீதக் கழிவு (கடைக்கு 2,100), ஏப்ரல் பிறந்ததும் 50 வீதம் (1,500). முதல் சுற்றில் 90, இரண்டாம் சுற்றில் 80 போனால் செலவு கழித்து 183,600-உம் 115,200-உம். மிஞ்சிய 70 லொட்டுக்கு 600 ரூபாய்ப்படி 42,000. கூட்டினால் 340,800, ஆறேழு கிழமைக்குள் கையில்.

மூன்றாவது, இன்றைக்கே 240-ஐயும் லொட்டாகத் தள்ளுவது. சீசன் முன்னால் இருப்பதால் வெளியூர் வியாபாரி 750 கொடுப்பார் என்றால் 180,000.

மூன்றிலும் கிரயம் திரும்பி வரவில்லை, கவனித்தீர்களா? முதலாளிமார் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 1,800-க்கு எடுத்ததை 1,500-க்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டே முதல் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். 432,000 போன செப்டெம்பரிலேயே செலவான காசு. இனி எந்த வழியில் எவ்வளவு வருகிறது என்பது மட்டும்தான் கேள்வி, அதில் இரண்டாவது வழி முதலாவதை 50,000 ரூபாயால் முந்துகிறது.

ஆனால் லொட் வழியை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடவும் கூடாது. சித்திரைக்கு முந்திய ஆறு கிழமையில் அந்த றாக்கையில் புது டிசைன் தொங்கினால் இரண்டு இலட்சம் மொத்த இலாபம் வரும் என்றால், லொட் 180,000 + 200,000 என்று கணக்கு மாறி மூன்றாவது வழி வென்றுவிடும். புதுச் சரக்குக்கு வேறு இடம் இருந்தால் இந்த வாதம் விழுந்துவிடும். என் விருப்பம் இரண்டையும் கலப்பது: சைஸ் உடைந்துபோன சரக்கில் தனியாக நிற்கும் எக்ஸ்எஸ், டபிள் எக்ஸ்எல் எல்லாவற்றையும் இன்றே லொட்டில் விட்டு, எம், எல் சைஸை மட்டும் வாசல் தொட்டியில் கழிவுக்குப் போடுவது. பொருந்தாத சைஸை எத்தனை வீதம் குறைத்தாலும் யாரும் வாங்கப் போவதில்லை.

கழிவு போடுகிறவர்கள் கெடுத்துக்கொள்வது வேகத்தில். பத்து வீதம், பிறகு பதினைந்து என்று தயங்கித் தயங்கி இறங்கினால் ஆள் பார்க்கிற விலை வரும்போது புத்தாண்டு முடிந்திருக்கும். மார்ச்சில் 90 போக வேண்டுமென்றால் கிழமைக்கு 20-க்குக் குறையாமல் போக வேண்டும். முதல் கிழமையிலேயே பத்துப் பன்னிரண்டுதான் என்றால் மாதம் முடியும்வரை நிற்காமல் அடுத்த நாளே 50 வீதத்துக்கு இறங்குவது நல்லது.

சரி, ஏட்டுக் கணக்கு. பெரும்பாலான கம்பனிகள் மார்ச் 31-இல் வருஷத்தை மூடுகின்றன, அதற்கு இரண்டு கிழமை கழித்துப் புத்தாண்டு. தேங்கிய சரக்குக்கு ஏற்பாடு வைக்க, அதாவது வரப்போகிற நட்டத்தை ஏட்டில் முன்கூட்டியே கழித்து வைக்க, இரண்டு முறைகள் போட்டி போடுகின்றன. ஒன்று வயதுப் பட்டியல்: ஆறு மாதம் தாண்டினால் 25 வீதம், ஒரு வருஷம் தாண்டினால் 50 வீதம் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். மற்றது சாமான் சாமானாக, விற்றால் செலவு போக எவ்வளவு தேறும் என்று பார்ப்பது. இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்கேஏஎஸ் 2 கேட்பது இரண்டாவதைத்தான்: கிரயம், தேறும் தொகை இரண்டில் எது குறைவோ அது.

கழிவு வழியில் போனால் மார்ச் 31-இல் 150 செட் மிஞ்சும், கிரயம் 270,000. வயதுப் பட்டியல்படி ஏற்பாடு 67,500. ஆனால் உண்மையில் தேறப்போவது 115,200 + 42,000, ஆக 157,200. குறைக்க வேண்டியது 112,800. இதை மறைத்தும் பிரயோசனமில்லை, கணக்காய்வாளர் வருகிற நேரத்தில் ஏப்ரல் பில்கள் கடையில் கிடக்கும், வருஷம் முடிந்த பிறகு நடந்த விற்பனையை மார்ச் 31 பெறுமதிக்குச் சான்றாக எடுக்கலாம் என்று எல்கேஏஎஸ் 10 சொல்கிறது. சேலைப் பகுதியில் வந்த இலாபத்தைக் காட்டிச் சல்வார் நட்டத்தை ஈடுகட்டவும் முடியாது. மறுபக்கம், ஒன்றரை வருஷம் கிடந்த வெள்ளைப் பாடசாலைத் துணிக்கு வயதுப் பட்டியல் பாதி விலையைக் கழிக்கச் சொல்லும். அது ஜனவரியில் முழு விலைக்குப் போகிற சாமான், ஏற்பாடே தேவையில்லை. வயதுப் பட்டியலை எதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிற வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம், விடையாக எடுக்கக் கூடாது.

ஏற்பாடு வைத்தவுடன் வேலை முடிந்தது என்று சரக்கை மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்பாடு ஏட்டில் நட்டத்தைக் காட்டுகிறது, றாக்கையைக் காலி செய்வதில்லை. செட் இன்னும் எண்ணிக்கையில் இருக்கிறது, பிறகு நிஜமாகவே விலை ஏறினால் குறைத்ததைக் கிரயம் வரைக்கும் திரும்ப ஏற்றவும் இடமுண்டு.

பதிவழிப்பது அப்படியல்ல, எண்ணிக்கையிலிருந்தே எடுத்துவிடுவது. பூஞ்சணம் பிடித்தது, எலி கடித்தது, லொட்காரரும் தொட மறுத்தது, இவற்றுக்கு மட்டும் அது. எண்ணின பட்டியல், படம், இரண்டு பேர் கையொப்பம், அழித்த திகதி இருந்தால்தான் உள்நாட்டு இறைவரியில் கேட்கும்போது காட்ட முடியும். ஏற்கெனவே 1,000 ரூபாய் ஏற்பாடு வைத்த செட்டைப் பதிவழித்தால் அந்த 1,000 ஏற்பாட்டிலிருந்து போகும், மிஞ்சிய 800 மட்டும் இந்த வருஷச் செலவு. முழு 1,800-ஐயும் மறுபடி செலவில் போட்டு, ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்ட புத்தகங்கள் ஏராளம். கணினியில் சரக்கு எண்ணிக்கை பூச்சியமான சாமானுக்கு ஏற்பாட்டுக் கணக்கில் இன்னும் தொகை நின்றால், அங்கே இதுதான் நடந்திருக்கும்.