ப்ராக்ஸியா, ப்ரீ-ரெண்டரா? 8 ஜிபி ராமில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்

ஒரு கடைக்காக 20 விநாடி விளம்பரம். நொடிக்கு 25 ஃப்ரேம், ஆக 500 ஃப்ரேம். பின்னணியில், பல லேயர்களை அடுக்கி உருவாக்கிய, பொன்துகள்கள் பறக்கும் ஒரு காம்ப், அதன் மேல் போனில் எடுத்த 4கே காட்சி, அதற்கும் மேல் எழுத்துகள். என் மடிக்கணினியில் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம்.

நானும் எல்லோரையும் போல முதலில் குறை சொன்னது 4கே காட்சியைத்தான். டைம்லைனின் அடியில் நத்தைப் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கிறது (2022 பதிப்பிலிருந்து வருவது). அதை அழுத்தினால் ஒவ்வொரு லேயரும் ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும். போன் காட்சிக்கு அரை நொடிகூட இல்லை. பொன்துகள் காம்புக்கு 4 நொடி. எந்த மருந்து என்று முடிவு செய்யும் முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ப்ராக்ஸியும் ப்ரீ-ரெண்டரும் வேறு வேறு நோய்க்கானவை.

ப்ராக்ஸி என்பது அசலுக்குப் பதிலாக ஓடும் லேசான நகல். அது கோப்பைத் திறந்து படிக்கும் சுமையைக் குறைக்கிறது. போன் வீடியோவில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படமாக இருக்காது. முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே இருக்கும். நடுவில் ஒரு ஃப்ரேமைக் கேட்டால், முந்தைய முழுப் படத்திலிருந்து வரிசையாகக் கணக்குப் போட்டு வர வேண்டும். அந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்து File > Create Proxy > Movie கொடுத்து, பாதி அளவில் ProRes 422 Proxy ஆக எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் தனிப் படமாகிவிடும். டைம்லைனை இழுத்துப் பார்ப்பது உடனே லேசாகும். அளவு பாதியானாலும் காம்பில் இடம் மாறாது, மென்பொருளே பழைய அளவுக்கு விரித்துக்கொள்ளும். ஆனால் துகள் காம்பின் அந்த 4 நொடியை இது தொடவே தொடாது.

அங்கேதான் ப்ரீ-ரெண்டர். 500 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 4 நொடி: சுமார் 33 நிமிடம் ஒரே தடவை காத்திருந்தால் போதும், அப்புறம் அந்தக் காம்ப் வெறும் வீடியோதான். இதற்கு Composition > Pre-render என்று ஒரு கட்டளை உண்டு. எனக்கு அதில் ஒரு மனக்குறை: அது காம்பை எடுத்துவிட்டு வீடியோவை அந்த இடத்தில் வைத்துவிடும். வாடிக்கையாளர் "பொன் நிறம் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்றால், எல்லாவற்றையும் கையால் திருப்பி மாற்ற வேண்டும். அதனால் ரெண்டர் க்யூவில் Post-Render Action என்ற இடத்தில் Set Proxy என்று மாற்றிவிடுகிறேன். அப்போது ப்ராஜெக்ட் பேனலில் காம்ப் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம் வரும். நிரம்பியிருந்தால் வீடியோ ஓடுகிறது, காலியாக இருந்தால் அசல் ஓடுகிறது. ஒரு சொடுக்கில் மாறும்.

இதன் பெரிய தொல்லை, அது பழசாகிவிடுவது. காம்பின் உள்ளே நிறத்தை மாற்றுகிறோம், வெளியே ஒன்றுமே மாறவில்லை. ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் அந்தக் கட்டம் நிரம்பியிருப்பது கண்ணில் படும். இன்னொன்று, வெளிவருவது தட்டையான படம். முதன்மைக் காம்பின் கேமரா துகள்களுக்கு நடுவே நுழைய வேண்டுமென்றால் ப்ரீ-ரெண்டர் உதவாது. ஒளிபுகும் காம்பாக இருந்தால் RGB + Alpha சேர்த்து ProRes 4444 அல்லது PNG வரிசையாக எடுக்க வேண்டும். மறந்தால் கீழே உள்ள லேயர்களைக் கறுப்புப் பட்டை மறைத்துவிடும்.

நான் PNG வரிசையைத்தான் எடுப்பேன். 310ஆவது ஃப்ரேமில் கரண்ட் போனால், பாதியில் நின்ற கடைசிப் படத்தை மட்டும் நீக்கிவிட்டு, Skip existing files என்பதை டிக் செய்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வீடியோ கோப்பாக இருந்தால் மொத்தமும் போச்சு.

"எதுக்கு இவ்வளவு? ஸ்பேஸ்பார் ப்ரிவியூவே போதுமே" என்று நண்பர் கேட்டார். 1920×1080 அளவில், சேனலுக்கு 8 பிட் என்றால் ஒரு ஃப்ரேம் நினைவகத்தில் சுமார் 8.3 எம்பி. 8 ஜிபியில் மென்பொருளுக்கு 4 ஜிபி கிடைத்தால் 19 நொடிதான் தங்கும், அதுவும் பொன்துகள் காம்பில் ஒரு அமைப்பைத் தொட்டால் அதன் ஃப்ரேம்கள் திரும்பக் கணக்கிடப்படும். சின்னத் திருத்தங்களுக்குச் சரி, முழு நாள் வேலைக்கு ஆகாது.

கடைசி ரெண்டரில் ஒரு கண்ணி இருக்கிறது. Render Settings உள்ளே Proxy Use பகுதியில் Use All Proxies இருந்தால் போன் காட்சி பாதி அளவிலிருந்தே வரும், முகம் மங்கியிருக்கும். Use No Proxies இருந்தால் முடிவு சரியாக வரும், ஆனால் அந்த 33 நிமிடம் மறுபடி. துகள் காம்பை முழு அளவில், முழுத் தரத்தில் எடுத்திருக்கிறேன் என்பதால் நான் Use Comp Proxies Only தேர்ந்தெடுக்கிறேன்: காம்புக்கு வீடியோ, போன் காட்சிக்கு அசல் 4கே.