படிக்க முடியாத பார்கோடு: எண் மட்டும் போதுமா, அதன் பெயரும் வேண்டுமா?

பார்கோட்டின் படத்தைச் செயலியோ மறுமுனையில் இருப்பவரோ படிக்க முடியாமல் போனால் மூன்று வழிகள் உள்ளன. படத்தை மீண்டும் எடுக்கலாம், கோடுகளின் அருகே அச்சாகியுள்ள எண்ணை மட்டும் தட்டச்சு செய்யலாம், அல்லது அந்த எண்ணோடு அதற்கு முன்னால் உள்ள அடையாளச் சொல்லையும் சேர்த்துத் தட்டச்சு செய்யலாம். மூன்றாவதே பெரும்பாலும் சிறந்தது என்பது என் முடிவு.

மீண்டும் படமெடுப்பது, கோளாறு படத்தில் இருக்கும்போது மட்டுமே பயன் தரும். கடைப் பொருள்களில் காணும் 13 இலக்கப் பார்கோட்டுக்கு, மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல இடப்புறம் 11 மடங்கும் வலப்புறம் 7 மடங்கும் வெற்றிடம் தேவை. கோடுகளை ஒட்டி வெட்டிய படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் படிக்கப்படாமல் போவதற்கு இதுவே காரணம். ஓரத்தில் இடம் விட்டு, பளபளப்பு விழாதபடி சற்றுச் சாய்த்து எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் கோடுகள் நெடுக்காகவே தேய்ந்திருந்தால் எத்தனை படம் எடுத்தும் பயனில்லை. அப்போது அச்சிட்ட எண்தான் துணை.

எண்ணை மட்டும் எழுதும்போது முதலில் நேரும் தவறு, முதல் இலக்கத்தை விட்டுவிடுவது. 13 இலக்கப் பார்கோட்டில் முதல் இலக்கம் கோடுகளுக்குக் கீழே இராமல், இடப்புற வெற்றிடத்தில் தனியே நிற்கும். வலக்கோடியில் சில வேளை காணும் `>` என்னும் குறியோ எண்ணின் பகுதி அன்று. வெற்றிடத்தைக் காப்பதற்காக அச்சிடப்படுவது, அதை எழுதக் கூடாது.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. எடுத்துக்காட்டாக 2041673850927 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 29. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 18, அதன் மும்மடங்கு 54. இரண்டும் சேர்ந்து 83 ஆவதால், அடுத்த பத்தின் மடங்கான 90-ஐ எட்ட 7 தேவை; அதுவே கடைசி இலக்கம். நான்காவது இடத்தில் உள்ள 1-ஐ 7 என்று படித்துவிட்டால் கூட்டுத்தொகை 101 ஆகி, கடைசி இலக்கம் 9 ஆக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும். தவறு அங்கேயே பிடிபடும். ஆனால் 16 என்பதை 61 என்று மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை 93 ஆகிறது. மறுபடியும் 7 தான் வருகிறது. அடுத்தடுத்த இரு இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருந்து அவை இடம் மாறினால் இந்தச் சரிபார்ப்பு கண்டுபிடிக்காது என்பதால், அத்தகைய இணைகளைக் கண்ணால்தான் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, சரியாக எழுதிய எண்ணே தவறான எண்ணாக இருக்கக்கூடும் என்பது. கைப்பேசிப் பெட்டி ஒன்றில் 13 இலக்க எண், கைப்பேசியின் அடையாள எண்களான `IMEI 1`, `IMEI 2`, தொடர் எண்ணான `S/N` என நான்கு பார்கோடுகள் அடுக்காக இருப்பதாகக் கொள்வோம். உத்தரவாதத்துக்காகத் தொடர் எண்ணைக் கேட்பவருக்கு 13 இலக்க எண்ணை அனுப்பினால், அது சரிபார்ப்பில் தேறினாலும், அந்த மாதிரியைச் சேர்ந்த எல்லாக் கைப்பேசிகளுக்கும் பொதுவானது என்பதால் உங்கள் கருவியைச் சுட்டாது. வெறும் 15 இலக்கங்களை அனுப்பினாலும், இரண்டு `IMEI` எண்களில் அது எது என்று பெறுபவரால் சொல்ல முடியாது. `S/N` எண்ணில் எழுத்தும் கலந்து வரும். அங்கே `O`-வும் 0-வும், `B`-யும் 8-ம், `S`-உம் 5-ம் குழம்புவது இயல்பு. `S/N:` என்று தொடங்கி எழுதியிருந்தால், படிப்பவர் அந்த எண்ணுக்குரிய வடிவத்தை நினைவில் வைத்துச் சந்தேகமான இடத்தைக் கேட்பார். அடையாளச் சொல் இல்லாமல் எண் மட்டுமே இருந்தால் அவருக்குச் சந்தேகம் எழவே வாய்ப்பில்லை.

மருந்து, மருத்துவக் கருவி போன்றவற்றின் பெட்டிகளில் அடையாளச் சொல்லுக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் எண் இருக்கும். `(01)` பொருளின் எண், `(17)` காலாவதி நாள், `(10)` தொகுதி எண், `(21)` தொடர் எண். `(17)` வரிசையில் 270300 என்று இருந்தால் 2027 மார்ச் மாதக் கடைசி நாள் என்று பொருள். நாளின் இடத்தில் 00 இருப்பது அச்சுப்பிழை அன்று, எனவே அதைத் திருத்தாமல் உள்ளபடியே எழுத வேண்டும். அடைப்புக்குறிகள் மனிதர் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை, பார்கோட்டுக்குள் அவை இல்லை. ஆகவே ஒருவருக்கு எழுதி அனுப்பும்போது அவற்றோடும், ஒரு வகை எண்ணுக்கென்றே உள்ள கட்டத்தில் நிரப்பும்போது அவையும் அவற்றுக்குள் உள்ள எண்ணும் இல்லாமலும் எழுதுவதே சரி.

கியூஆர் குறியீட்டுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது, ஏனெனில் அருகில் உள்ள எண் பெரும்பாலும் குறியீட்டின் முழு உள்ளடக்கம் அன்று. `Matter` தரத்தில் இயங்கும் வீட்டுக் கருவிகளில் கியூஆர் குறியீட்டின் உள்ளடக்கம் `MT:` என்று தொடங்கும்; பக்கத்தில் உள்ள 11 இலக்க எண் அதன் சுருக்கம் மட்டுமே. கருவியை இணைக்க அது போதும். அதைச் செயலியில் கையால் எண் இடும் கட்டத்தில் எழுத வேண்டும்.