ஸ்கேல், ரப்பர் பேண்டு, தண்ணீர் பாட்டில்: ஒலிப் பாடத்தை எதில் தொடங்குவது?

நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் பையில் இந்த மூன்றும்தான் இருக்கும். ஒரு ஸ்கேல், கைப்பிடி ரப்பர் பேண்டு, நாலைந்து காலி பாட்டில். மூன்றுக்கும் செலவில்லை, மூன்றும் சத்தம் போடும், எதில் ஆரம்பித்தாலும் ஒன்றுதான் என்று நானும் சில வருடம் நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டில்தான் பிடிக்கும் என்பதால் அதில்தான் ஆரம்பிப்பேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், “தண்ணி நெறைய இருந்தா கீச்சுனு கேக்கும் டீச்சர்” என்று பாதி வகுப்பும், “இல்ல, கனமா கேக்கும்” என்று மீதியும் சண்டை போடுவார்கள். இரண்டு பக்கமும் சொன்னது சரி. பாடம் நடத்திய வரிசைதான் தப்பு.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டே விஷயம். ஏதோ ஒன்று அதிர்ந்தால்தான் ஒலி வரும். அது வேகமாக அதிர்ந்தால் கீச்சென்று கேட்கும், மெதுவாக அதிர்ந்தால் கனமாகக் கேட்கும். எந்தப் பொருளில் இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் முதலில் மேசைக்கு வர வேண்டும். என் கணக்கில் அது ஸ்கேல்.

முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலை எடுத்துக்கொள்வோம், கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். மேசை விளிம்பில் வைத்து, 25 செ.மீ. வெளியே நீட்டி, நுனியை அழுத்தி விடுங்கள். நொடிக்குப் பதிமூன்று தடவை போல மேலும் கீழும் ஆடும். ஆட்டம் நன்றாகத் தெரியும், காதில் ஒன்றும் விழாது. மனிதக் காது கேட்கத் தொடங்குவதே நொடிக்கு 20 அதிர்வு அளவில்தான். இப்போது வெளியே நீட்டிய நீளத்தைப் பத்து செ.மீ. ஆக்குங்கள். அதிர்வு எண்பதைத் தொடும், ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். ஐந்து செ.மீ. ஆக்கினால் முந்நூறைத் தாண்டும். ஸ்கேல் ஆடுவது வெறும் மங்கலாகத் தெரியும், சத்தம் மட்டும் ‘ட்ரிங்’ என்று மேலே ஏறிவிடும். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு நான்கு மடங்காகிறது, அதனால்தான் இவ்வளவு பெரிய தாவல். பிள்ளைகளுக்கு நான்கு மடங்குக் கணக்கு வேண்டாம். வித்தியாசம் பெரிதாக இருப்பதால் பின் பெஞ்சுக்கும் தெரிகிறது, அது போதும்.

இதில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எங்கே முடிகிறது, காதுக்குக் கேட்கும் ஒலி எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே பொருளில், ஒரே ஓட்டத்தில் காட்ட முடிகிறது. மற்ற இரண்டிலும் இது முடியாது. ரப்பர் பேண்டு முதலிலிருந்தே ஒலிக்கும். பாட்டிலில் அதிர்வது எது என்றே தெரியாது.

ஸ்கேலில் ஒரு வில்லங்கம் உண்டு. விளிம்பில் கை இறுக்கமாக இல்லாவிட்டால் ஸ்கேல் மேசையில் மோதி ‘டடடட’ என்று அடிக்கும். அந்தச் சத்தம் மேசையில் தட்டுவது, ஸ்கேலின் சொந்த ஒலி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? 25 செ.மீ. நீட்டியபோது சத்தம் பலமாகக் கேட்டால் அது மோதல்தான். ஒரு பையனை டஸ்டரையோ மரக்கட்டையையோ சரியாக விளிம்போடு விளிம்பாக வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், சரியாகிவிடும். அப்புறம், பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை மட்டும் வேண்டாம். வெயிலில் கிடந்து காய்ந்தது சட்டென்று ஒடிந்து தெறிக்கும்.

இதே ஸ்கேலில் இன்னொன்றையும் முடித்துவிடலாம். நம் பிள்ளைகள் சுருதி ஏறினாலும் “சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு” என்பார்கள், உரக்கக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். பத்து செ.மீ. நீட்டி, நுனியை முதலில் லேசாக, அடுத்து நன்றாக அழுத்தி விட்டுக் காட்டுங்கள். ஆட்டம் அகலமாகிறது, சத்தம் உரக்கிறது, ஆனால் அதே சுருதி. நீளத்தை மாற்றினால் மட்டும் சுருதி மாறுகிறது. இரண்டும் வேறு வேறு என்பது இங்கே பிரிந்து விழுந்துவிடும்.

ரப்பர் பேண்டை இந்த இடத்தில் நம்பக் கூடாது. வேகமாக இழுத்துவிட்டால் ரப்பர் அந்த நேரத்துக்குக் கூடுதலாக இறுகுகிறது, அதனால் ஆரம்பத்தில் சுருதியும் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கும். உரக்க வாசித்தால் சுருதி ஏறும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் அவன் காதில் கேட்டது அதுதான்.

ரப்பர் பேண்டில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. “இன்னும் இழு, கீச்சென்று கேட்கும்” என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு விரலில் மாட்டி இழுத்துப் பாருங்கள். தொய்ந்த நிலையிலிருந்து கொஞ்சம் இழுக்கும்போது சுருதி ஏறும். அதன் பிறகு இரண்டு மடங்கு நீளத்திலிருந்து மூன்று மடங்குக்கு இழுத்தால் ஏதோ கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கும். மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் ஏறியதா இல்லையா என்று சந்தேகமாகிவிடும். காரணம் இதுதான். இழுக்கும்போது விறைப்பு கூடுகிறது, ரப்பர் மெலிகிறது, இவை சுருதியை ஏற்றும். அதே இழுப்பில் அதிரும் நீளமும் கூடுகிறது, அது சுருதியை இறக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு வருடம் நான் கரும்பலகையில் விதியை எழுதிவிட்டு, “கேக்குதா? கேக்குதா?” என்று கேட்டதும், வகுப்பே எனக்காக “கேக்குது டீச்சர்” என்றது. அவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

நீளத்தைக் கட்டிப்போட்டால் ரப்பர் பேண்டு ஒழுங்காகப் பேசும். மூடியில்லாத டிபன் பாக்ஸின் குறுக்கே மாட்டுங்கள். அதிரும் பகுதி பாக்ஸின் அகலம்தான், அது மாறாது. ஒரு கையால் மேலே மீட்டிக்கொண்டே, மறு கையால் பக்கவாட்டில் தொங்கும் ரப்பரைக் கீழ்நோக்கி இழுத்தால் விறைப்பு மட்டும் கூடும், சுருதி தெளிவாக ஏறும். பாக்ஸின் விளிம்பில் ரப்பர் ஒட்டிக்கொண்டால் இழுப்பு மேல்பக்கம் போகாது, விரலால் ஒரு தடவை நகர்த்திவிட வேண்டும். அடுத்து, நடுவில் ஒரு பென்சிலை முட்டுக் கொடுத்து ஒரு பாதியை மட்டும் மீட்டினால் நீளம் குறைந்து சுருதி ஏறும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதைப் பத்து வயதில் கைப்பட்டுப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ரப்பர் பேண்டு ஸ்கேலைத் தாண்டும் இடமும் ஒன்று உண்டு. விரலில் மாட்டி மீட்டினால் பக்கத்துப் பிள்ளைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. டிபன் பாக்ஸில் மாட்டினால் அடுத்த வரிசைக்குக் கேட்கும். மெல்லிய ரப்பர் தள்ளும் காற்று கொஞ்சம், பாக்ஸ் அதிர்ந்து தள்ளும் காற்று அதிகம். வீணைக்கு ஏன் குடம் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கண்ணுக்கு நேராக மட்டும் யாரும் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பாட்டில். ஒரே மாதிரி நான்கு கண்ணாடி பாட்டில், வெவ்வேறு அளவு தண்ணீர். கரண்டியால் தட்டினால் தண்ணீர் அதிகமுள்ளது கனமாக ஒலிக்கும். தட்டும்போது அதிர்வது கண்ணாடி. உள்ளே இருக்கும் தண்ணீரையும் அது சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது, பாரம் கூடக் கூட அதிர்வு மெதுவாகும். ஜலதரங்கக் கிண்ணங்களில் தண்ணீர் சேர்த்துச் சுருதியை இறக்குவதும் இதே கணக்கில்தான். அடியில் கொஞ்சம் ஊற்றினால் பெரிய மாற்றம் தெரியாது, மேலே ஏற ஏறத்தான் இறங்கும். அதே பாட்டில்களின் வாயில் உதட்டை ஒட்டி ஊதினால் வரிசை தலைகீழாகும். இப்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் அதிகமானால் காற்றுக்கு இடம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பாதி ஊற்றினால் ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’வுக்கு, ஏறும் என்று நினைப்போம். பாட்டிலில் அப்படி வராது. காற்றின் அளவு கால்வாசியானால்தான் அதிர்வு இரட்டிப்பாகும். 600 மி.லி. பாட்டிலில் 450 மி.லி. ஊற்ற வேண்டும், 300 போதாது. இது தோராயமான கணக்குதான், ஆனால் பாட்டுக் கற்கும் பிள்ளை ஒருத்தி இருந்தால் சரிபார்த்துவிடுவாள்.

ஒரே பாட்டில் இரண்டு எதிரெதிர் விதிகளைக் காட்டுவதால்தான் முதல் நாள் அதை வெளியே எடுக்க வேண்டாம் என்கிறேன். எது அதிர்கிறது என்று தேடும் பழக்கம் வராத பிள்ளைக்கு இது வெறும் குழப்பம். ஸ்கேலும் ரப்பர் பேண்டும் முடித்த பிள்ளைக்கு இது நல்ல புதிர். விடையைச் சொல்லிவிடாதீர்கள். பாட்டிலின் உடலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, முதலில் தட்டச் சொல்லுங்கள். ‘டொக்’ என்று செத்துவிடும். பிடியை விடாமல் ஊதச் சொல்லுங்கள். முன்பு போலவே ‘பூ’ என்று ஒலிக்கும். கை கண்ணாடியைப் பிடித்திருக்கிறது, காற்றைப் பிடிக்கவில்லை. இந்த ஒரு சோதனைக்காகவே இரண்டாவது பீரியடை நான் பாட்டிலுக்குக் கொடுப்பேன். ஊதுவதற்குப் பிளாஸ்டிக் பாட்டில் போதும், ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லலாம், ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வைக்க வேண்டியதில்லை. தட்டுவதற்குக் கண்ணாடிதான் வேண்டும், அதை ஆசிரியர் மேசையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் ஸ்கேலை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கிடைத்தால் முதலாவதில் ஸ்கேலும் டிபன் பாக்ஸும், இரண்டாவதில் பாட்டில்.

போன வருடம் அந்த இரண்டாவது பீரியட் முடிந்து மணி அடித்தபோது ஒரு பெண் வாசலில் நின்று கேட்டாள்: “டீச்சர், எங்க வீட்ல குழாயில குடம் ரொம்பும்போது சத்தம் ஏறிக்கிட்டே போகும். பாக்காமலே அம்மா ரொம்பிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. அது தட்டுற மாதிரியா, ஊதுற மாதிரியா?” வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் பிரேயர் முடிவதற்குள் ஓடிவந்தாள். “ரொம்பும்போது குடத்தைக் கையால கெட்டியா புடிச்சுப் பாத்தேன் டீச்சர். சத்தம் நிக்கவே இல்ல. காத்துதான்.”