ஊசி, உருண்டை, தகடு: மூன்று காந்தங்களோடு ஆறு வருடம்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஆறு வருடத்துக்கு முன் மூன்று வடிவங்களில் நியோடிமியம் காந்தம் வாங்கினேன். மூன்றும் N42 என்ற ஒரே வலிமைத் தரம். ஒன்று 2 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் உள்ள ஊசி. இன்னொன்று 10 மி.மீ. உருண்டை. மூன்றாவது 20 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. கனமே உள்ள வட்டத் தகடு, அதன் காந்தத் திசை கனத்தின் வழியாக. பொருள் ஒன்றுதான், காந்தமேற்றிய அளவும் ஒன்றுதான். நடந்துகொண்ட விதம் மட்டும் மூன்றும் மூன்று மாதிரி.

காரணம் பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும்: H = -N M. எந்தக் காந்தத்தின் முனைகளும் வெளியே மட்டும் புலத்தை அனுப்புவதில்லை. உள்ளேயும் அனுப்புகின்றன, அதுவும் காந்தம் நிற்கும் திசைக்கு நேர் எதிராக. இதுதான் காந்தநீக்கப் புலம், H. M என்பது காந்தமாகும் செறிவு, அதாவது பொருள் எவ்வளவு காந்தமேறியிருக்கிறது என்ற அளவு. N என்பது வடிவத்தைப் பொறுத்த எண். மெல்லிய ஊசிக்கு நீளவாக்கில் கிட்டத்தட்ட 0, உருண்டைக்கு 1/3, பரந்த தகட்டுக்கு 1. ஊசியில் முனைகள் சின்னவை, நடுவிலிருந்து தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் எதிர்ப்பு நடுவுக்கு எட்டுவதில்லை. தகட்டில் வடமுனை முழுப் பரப்பாக மேலே, தென்முனை ஒரு மில்லிமீட்டர் கீழே. நடுவில் மாட்டிக்கொண்ட பொருள் தன் காந்தமாகும் செறிவுக்குச் சமமான எதிர்ப்புலத்தையே சுமக்கிறது. அதனால் எதிர்ப்பு போக உள்ளே மிஞ்சும் காந்தப் பாய அடர்த்தி B, ஊசிக்குள் முழுதாக 1.3 டெஸ்லா, உருண்டைக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு, தகட்டுக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதை அளந்து காட்டப் போனதில்தான் முதல் அடி விழுந்தது. காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரியைப் பரப்பில் வைத்துப் பார்த்தால் உருண்டை 650 மில்லிடெஸ்லா, ஊசி 360, தகடு 64. ஊசிதானே ஜெயிக்க வேண்டும்? மாணவர்கள் சிரித்தார்கள், நான் இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். உணரியின் உயிருள்ள பகுதி பிளாஸ்டிக் உறைக்குள் அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள ஊசி முனைக்கு அந்த அரை மில்லிமீட்டர் பெரிய தூரம். 20 மி.மீ. தகட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கூட ஊசி முனையில் 650தான் வரும், 1300 வராது. ஊசியின் நடுவில்தான் எதிர்ப்புலம் பூஜ்யம். நுனி முகத்தில் அது M-இல் பாதி. 'ஊசிக்கு N பூஜ்யம்' என்று எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதே இல்லை. மூன்றிலும் உள்ளே எங்கு பார்த்தாலும் ஒரே எதிர்ப்புலம் இருப்பது உருண்டையில் மட்டும்தான். நேர்மையான வடிவம்.

அப்புறம் முறையை மாற்றினேன். மெல்லிய எனாமல் கம்பியில் 50 சுற்று, காந்தத்தின் இடுப்பை ஒட்டி இறுக்கமாக ஒரு சுருள். சுருள் வழியே போகும் காந்தப் பாயத்தின் மாற்றத்தை அளக்கும் பாயமானியை இணைத்துவிட்டு, காந்தத்தைச் சட்டென்று உருவ வேண்டும். அளவீட்டைச் சுற்றின் எண்ணிக்கையாலும் குறுக்குப் பரப்பாலும் வகுத்தால் நடுவிலுள்ள B வந்துவிடும். ஊசிக்கு 1.28 வந்தது, உருண்டைக்கு 0.86. கணக்கோடு பொருந்தியது. சுருள் தளர்வாக இருந்தால் வெளியே எதிர்த்திசையில் திரும்பும் பாயத்தையும் சேர்த்துப் பிடித்து எண் குறைந்துவிடும், இறுக்கம்தான் முக்கியம். தகட்டில் இந்த முறை சரிப்படவில்லை. நடுவுக்கும் விளிம்புக்கும் B அவ்வளவு மாறுவதால், கிடைக்கும் சராசரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதெல்லாம் முதல் வருடக் கதை. மூன்றாம் வருடம், காந்தங்களை மரச் சட்டத்தில் பதிக்க எபாக்சி தடவி, சீக்கிரம் இறுகட்டும் என்று 80 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்தோம். விற்பனைத் தாளில் 80 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது. ஆறியபின் ஊசியும் உருண்டையும் பழைய எண்ணையே காட்டின. தகட்டின் நடுவில் 64 இருந்த இடத்தில் 43. "சார், இது பாதி செத்துப் போச்சு" என்றார் ஆய்வக உதவியாளர். மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த வகைப் பொருளின் காந்த நீக்குத்திறன், அதாவது எவ்வளவு எதிர்ப்புலம் வந்தால் உள்ளே உள்ள ஒழுங்கு கவிழும் என்ற எல்லை, அறை வெப்பநிலையில் குறைந்தபட்சம் மீட்டருக்கு 955 கிலோ ஆம்பியர். டிகிரிக்கு சுமார் 0.6 சதவீதம் குறைந்துகொண்டே போய், 80 டிகிரியில் 610 பக்கம் வந்துவிடும். என் தகட்டின் நடுவில் N சுமார் 0.95. காந்தம் தானே கொஞ்சம் தளர்ந்த பிறகும் 80 டிகிரியில் அது தன்மேல் போட்டுக்கொள்ளும் எதிர்ப்புலம் 910. எல்லையைத் தாண்டிவிட்டது, அதனால் M இறங்குகிறது; M இறங்கினால் எதிர்ப்புலமும் கூடவே இறங்கும்; அது 610ஐத் தொடும் இடத்தில் சரிவு நிற்கிறது. 610ஐ 910ஆல் வகுத்தால் 0.67. 64இல் 0.67 பங்கு 43. உருண்டைக்கு எதிர்ப்புலம் 320தான், ஊசியின் நுனியில் கூட 480தான். இரண்டும் எல்லைக்குள். தாளில் போட்ட 80 டிகிரி பொய்யில்லை, ஆனால் அது தடிமனான காந்தத்துக்கான எண். மெல்லிய தகட்டுக்கு அதை நம்பக் கூடாது. அறை வெப்பநிலையிலேயே தகடு 980 பக்கம் சுமக்கிறது என்பதைப் பார்த்தபோது, அது இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், வந்த சரக்கு குறைந்தபட்ச அளவைவிட நன்றாக இருந்ததுதான் என்று புரிந்தது.

பொருள் கெட்டுவிட்டதா, ஒழுங்கு மட்டும் குலைந்ததா என்று பார்க்க இரண்டு சோதனை செய்தேன். தகட்டை நடுவிலிருந்து விளிம்பு வரை ஹால் உணரியால் வருடிப் பார்த்தபோது, இழப்பு நடுவில் அதிகம், விளிம்பில் குறைவு. விளிம்பில் எதிர்ப்புலம் பாதிதான் என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். துருவோ அரிப்போ என்றால் விளிம்பிலிருந்தே தொடங்கியிருக்கும். பிறகு மின்தேக்கியைத் திடீரென இறக்கும் சுருள் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரிடம் கொடுத்துத் திரும்பக் காந்தமேற்றினேன். 64 வந்துவிட்டது.

அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய ஆல்னிகோ சட்டக் காந்தங்கள் ஏன் நீளமாகவே இருக்கின்றன என்பதும் இந்த ஊசி, தகடு கணக்கில் அடங்கிவிடும். ஆல்னிகோ 5-இன் காந்தத் தேக்குத்திறன், அதாவது காந்தமேற்றிய பின் பொருளில் தங்கும் காந்தம், நியோடிமியத்துக்கு ஈடாக 1.25 டெஸ்லா, ஆனால் எல்லை மீட்டருக்கு வெறும் 50 கிலோ ஆம்பியர்தான். அதில் உருண்டை செய்தால் 330 கேட்கும், சுமக்கவே முடியாது. நீளம் விட்டத்தைப்போல் பத்து மடங்கு இருந்தால் 20 போதும். முனைகளை இணைக்கும் இரும்புத் துண்டு போடாமல் வைக்காதே என்று எங்கள் ஆசிரியர் திட்டியதும் இதற்காகத்தான்.

இப்போது தகடுகளைத் தனியாக வைப்பதில்லை. இருபது தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 20 மி.மீ. உயரம், 20 மி.மீ. விட்டம், கிட்டத்தட்ட உருண்டையின் கணக்கு. போன மாதம் அப்படி ஒரு அடுக்கை அதே 80 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறியபின் பிரித்து அளந்தேன். நடுவில் இருந்தவை எல்லாம் 64, இரண்டு ஓரத்துத் தகடுகள் 62.