போட்டோவை ஓவியமாக்க: பைலேட்டரல், நாற்கட்டக் குவஹாரா, எட்டு ஆரைத்துண்டு

ஒரு போட்டோ ஓவியம் போலத் தெரிய இரண்டு காரியம் நடக்க வேண்டும். கன்னம், வானம், சுவர் போன்ற பரப்புகளில் இருக்கும் சின்னச் சின்ன நிற வேறுபாடுகள் ஒரே பூச்சாகத் தட்டையாக வேண்டும். ஆனால் கன்னம் முடிந்து தலைமுடி தொடங்கும் இடம் கத்தியால் வெட்டியது போல நிற்க வேண்டும். சாதாரண மங்கலாக்கல் முதல் காரியத்தைச் செய்யும்போதே இரண்டாவதைக் கெடுத்துவிடும். ஆகவே போட்டியில் உண்மையில் நிற்பவை பைலேட்டரல், பழைய குவஹாரா, அதிலிருந்து வளர்ந்த ஆரைத்துண்டு ஃபில்டர் ஆகிய மூன்றுதான்.

குவஹாராவின் யோசனை 1976-இல் வந்தது. இதயத்தின் கதிரியக்கப் படங்களைத் தெளிவாக்கத்தான் அதை உருவாக்கினார்கள். ஓவியம் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. ஒரு பிக்சலைச் சுற்றி 5×5 சதுரம் எடுத்து, அதை மேல்-இடம், மேல்-வலம், கீழ்-இடம், கீழ்-வலம் என நான்கு 3×3 கட்டங்களாகப் பிரிக்கிறோம். நடுப் பிக்சல் நான்கிலும் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரியும், மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதும் கணக்கிடப்படும். எந்தக் கட்டத்தில் சிதறல் மிகக் குறைவோ அதன் சராசரியே புதிய மதிப்பு.

எண்ணில் பார்த்தால் சட்டென்று புரியும். இருண்ட பகுதியின் கடைசி பிக்சலில் நிற்கிறோம். ஐந்து நெடுவரிசைகளின் மதிப்புகள் 48, 52, 50, 200, 204. மொத்தமாகச் சராசரி எடுத்தால் 110.8 வரும், அதாவது விளிம்பு சாம்பலாகிவிடும். குவஹாராவில் இடப்பக்கக் கட்டங்களுக்குள் 48, 52, 50 மட்டுமே இருக்கின்றன: சராசரி 50, திட்டவிலக்கம் 1.6. வலப்பக்கக் கட்டங்களில் 50, 200, 204: திட்டவிலக்கம் 71.7. இடப்பக்கம் ஜெயிக்கிறது, பிக்சல் 50 ஆகிறது. விளிம்பைத் தாண்டிய கட்டம் தானாகவே தோற்றுப்போகும் என்பதுதான் இதன் சூட்சுமம். விளிம்பைத் தனியாகத் தேட வேண்டியதே இல்லை.

இதே இடத்தில் பைலேட்டரலும் சரியாகவே செய்யும். நடுப் பிக்சலின் நிறத்திலிருந்து வெகுதூரம் விலகிய பிக்சலுக்கு அது எடை தராது. எவ்வளவு நிற விலகல் வரை பொறுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லும் அளவுதான் நிற சிக்மா. அதை 30 என்று வைத்தால் 200-க்கான எடை கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் வித்தியாசம் எங்கே? மங்கலான எல்லையில். வானத்தில் 100-க்கும் மேகத்தில் 112-க்கும் உள்ள எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 புள்ளி வித்தியாசத்துக்கு அதே சிக்மா 0.92 எடை தருகிறது. எல்லையிலிருக்கும் 100 ஏறத்தாழ 104.6 ஆகி, மேகம் வானத்தில் கரையத் தொடங்குகிறது. குவஹாராவில் அது 100-ஆகவே நிற்கும், ஏனென்றால் அங்கே கட்டத்துக்குக் கட்டம்தான் போட்டி, நிலையான வரம்பு எதுவும் கிடையாது. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: 50-களுக்கு நடுவே ஒற்றை 250 புள்ளி இருந்தால் பைலேட்டரல் அதை விளிம்பு என்று நம்பி அப்படியே விட்டுவிடும். குவஹாரா அதை 72-க்கு இறக்கிவிடும். புல், வெயில் பட்ட இலை, முடி போன்ற முரட்டு இழைநயங்களில் பைலேட்டரல் போட்டோவாகவே இருப்பதும், மென்மையான முகத்தில் பிளாஸ்டிக் ஆவதும் இதனால்தான். ஒரே சிக்மாவால் இரண்டையும் சமாளிக்க முடியாது. ஓவியத் தோற்றத்துக்கு நான் பைலேட்டரலைக் கைவிட்டதற்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் நாற்கட்டக் குவஹாராவிலும் தலைவலி உண்டு. சதுரக் கட்டம் என்பதால் வளைவுகள் படிக்கட்டாக உடைந்து, பரப்பெங்கும் சதுரத் திட்டுகள் தெரியும். அதைவிட மோசம் அதன் முடிவெடுக்கும் முறை. தட்டையான சுவரில் இரண்டு கட்டங்களின் சிதறல் 2.0, 2.2 என்று இருந்தால், அந்த நூலிழை வித்தியாசத்துக்காக ஒன்று முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பக்கத்துப் பிக்சலில் இரைச்சலால் முடிவு புரண்டால் நிறம் தாவும். வீடியோவில் இது கொதிக்கும் தண்ணீர் மாதிரி துடிக்கும்.

2007-இல் பாபாரி, பெட்கோவ், கம்பீசி மூவரும் இரண்டையும் ஒன்றாகத் தீர்த்தார்கள். சதுரத்துக்குப் பதில் வட்டம். அது எட்டு ஆரைத்துண்டுகளாகப் பிரிகிறது, துண்டுகளின் ஓரங்கள் மென்மையாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வெற்றியாளர் ஒருவரே என்பதும் போனது: எட்டுச் சராசரிகளும் கலக்கின்றன, சிதறல் குறைந்த துண்டுக்கு எடை அதிகம். எடை, சிதறலின் q-ஆம் அடுக்குக்குத் தலைகீழ்.

```python
# m: துண்டுகளின் சராசரி (8, H, W, 3), s: சிதறல் (8, H, W), 0–255
w = 1.0 / (1.0 + s**q)
out = (w[..., None] * m).sum(0) / w.sum(0)[..., None]
```

q = 8 என்று வைத்துப் பார்ப்போம். 2.0-க்கும் 2.2-க்கும் இடையே 1.1-இன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 2.1 மடங்கு வித்தியாசம்தான்; இரண்டும் ஏறக்குறைய 68-க்கு 32 என்று கலந்துவிடும், தாவல் இல்லை. விளிம்பில் 1.6-க்கும் 71.7-க்கும் இடையே 44-இன் எட்டாம் அடுக்கு! அங்கே பழைய குவஹாரா போலவே ஒரு பக்கம் முழுதாக ஜெயிக்கும். சுவரில் சமரசம், விளிம்பில் கண்டிப்பு, இரண்டும் ஒரே சூத்திரத்தில். பின்னத்தின் கீழே s**q-உடன் கூட்டப்படும் அந்த 1.0-ஐ விட்டுவிடாதீர்கள். முழு வெள்ளைப் பின்னணியில் சிதறல் பூஜ்யம். அது இல்லாவிட்டால் பூஜ்யத்தால் வகுத்துப் படத்தில் கறுப்பு ஓட்டைகள் விழும்.

நான் முதலில் எழுதியபோது வேறொரு தப்பு செய்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஃபில்டரை ஓட்டினேன். உதட்டு ஓரத்தில் ஊதாக் கோடு வந்தது. சிவப்பு ஒரு துண்டையும் நீலம் எதிர்த்துண்டையும் தேர்ந்ததுதான் காரணம். மூன்று நிறங்களின் விலக்க வர்க்கங்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை ஒரே s-ஆகக் கொண்டு எடை போட்டதும் கோடு மறைந்தது.

எட்டுத் துண்டிலும் தீராத குறை ஒன்று உண்டு: துண்டைவிட ஒல்லியான எதுவும் பிழைக்காது. ஒரு பிக்சல் அகலக் கோட்டுக்குள் முழுதாக அடங்கும் துண்டே இல்லையே, அது எப்படி ஜெயிக்கும்? இமைமுடியும் கருவிழியின் வெளிச்சப் பொட்டும் முதலில் போகும். பொட்டு போனால் முகமே செத்துவிடும். 2009-இல் வந்த திசைசார் வடிவம் இதைப் பாதி சரிசெய்கிறது. அது ஒவ்வொரு இடத்திலும் இழைநயம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, வட்டத்தை அந்தத் திசையில் நீட்டி, குறுக்கே ஒடுக்கிவிடுகிறது. முடியும் இழையும் தூரிகை இழுப்பு போல ஓடும். பிளெண்டரின் கம்போசிட்டரில் `Kuwahara` நோடில் `Anisotropic` என்று இருப்பது இதுதான். `Classic` பழைய நாற்கட்டம். ஆனால் வெளிச்சப் பொட்டுக்கு நீட்டிப் பிடிக்கத் திசையே இல்லை, ஆகவே அது இதிலும் தப்பாது.

முகப்படத்துக்கு இப்போது ஆரம் 6 உள்ள ஒரே ஓட்டத்துக்குப் பதிலாக ஆரம் 3-இல் இரண்டு ஓட்டம் ஓட்டுகிறேன். திட்டுகள் சிறிதாகவும் ஒழுங்காகவும் வருகின்றன. கண்ணுக்கு மட்டும் மாஸ்க் போட்டு, மூலப் படத்தைப் பாதி அளவு மேலே கலந்துவிடுகிறேன். அதிகம் அமுக்கப்பட்ட ஜேபெக் படம் என்றால் முதலில் லேசாக மங்கலாக்கிவிட்டுத்தான் ஃபில்டருக்குள் விடுகிறேன், இல்லையென்றால் அதன் 8×8 கட்ட ஓரங்களையும் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு பளிச்சென்று தீட்டிக் காட்டிவிடும்.