திருச்சி மாஸ்டர் செக்கப்பில் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி

ஊருக்குப் போனால் பல் டாக்டர், கண்ணாடி, மாஸ்டர் செக்கப் மூன்றையும் முடித்துக்கொண்டு வருவது இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் எங்கள் வழக்கம். காரணத்தை, அங்கே குடும்ப டாக்டரான ஜிபியின் அப்பாயிண்ட்மெண்டுக்காகக் காலை எட்டு மணிக்கு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை தில்லை நகரில் ஒரு மருத்துவமனை. ரத்தம், இசிஜி, ஸ்கேன் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஒரு ஃபார்ம்.

கவுண்டரில் இருந்த பெண் என் கணவரிடம், "சார், ஸ்மோக்கிங்? ட்ரிங்க்ஸ் உண்டா? வாரத்துக்கு எத்தனை தடவை? எவ்வளவு?" என்று விலாவாரியாகக் கேட்டுப் பதிந்தார். என் முறை வந்ததும் சைவமா அசைவமா, பீரியட்ஸ் சரியாக வருகிறதா என்றார். மதுவுக்கான இடத்தில் அவராகவே 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். "அதை என்கிட்டயும் கேக்கணும்மா" என்றேன். சிரித்தார். "லேடீஸுக்கு அது தானா நோன்னு வந்துடும் மேடம்." மாற்றச் சொன்னால் சூப்பர்வைசர் லாகின் வேண்டுமாம், சூப்பர்வைசர் டிபனுக்குப் போயிருக்கிறாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை பேப்பர் புரட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். லீட்ஸில் கிளினிக்கில் பதிவு செய்யும்போதே வாரத்துக்கு எத்தனை யூனிட் மது என்று கேட்டுவிடுவார்கள். ஆணா பெண்ணா என்ற பேச்சே கிடையாது. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. கணவருக்கு எல்லாம் நார்மல். ஆனாலும் குடியைப் பற்றிப் பத்து நிமிட உபதேசம் அவருக்குத்தான். எனக்கு ஃபேட்டி லிவர் கிரேடு 1, ஈரல் என்சைம்களில் எஸ்ஜிஓடி 71, எஸ்ஜிபிடி 38, ஜிஜிடி 112. கூடவே நெய்யைக் குறைக்கவும், இனிப்பைத் தவிர்க்கவும், தினம் நடக்கவும் என்று அச்சடித்த ஒரு தாள். என் எடை 58 கிலோ, சர்க்கரை கிடையாது. எரிச்சலில் மறுநாளே வேறொரு இடத்தில் காஸ்ட்ரோ டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனோம். அரசு மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். டோக்கன், மர பெஞ்ச், சுவரில் முருகன் காலண்டர் என்று பழைய திருச்சி அப்படியே இருந்தது.

அவர் ரிப்போர்ட்டில் இரண்டே எண்களைப் பார்த்தார். "உடம்பு எடையால வர்ற ஃபேட்டி லிவர்ல ஆரம்பத்துல எஸ்ஜிபிடிதான் பெரும்பாலும் தூக்கி நிக்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கே." அப்புறம் அத்தையைப் பார்த்து, "நீங்க வெளியில ஒரு காபி சாப்பிட்டு வாங்கம்மா" என்றார். கதவு சாத்தியதும், "வைனா, வேற ஏதாவதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் இருந்த மரியாதைக்கே அந்த ஃபீஸ் தகும்.

சொன்னேன். வாரத்தில் நாலு இரவு, சமைக்கும்போதே நானும் கணவரும் ஒரு பாட்டிலைத் திறந்து சரிபாதியாக முடிப்போம். டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் பேடைத் திருப்பிப் போட்டுக் கணக்கெழுதினார். 750 மில்லி பாட்டில், 13 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 77 கிராம் சுத்த ஆல்கஹால். ஆளுக்கு 38. ஆல்கஹால் உடம்பின் நீரில்தான் கரையும், கொழுப்பில் அநேகமாகக் கரையாது. பெண் உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகம், நீர் எடையில் பாதி அளவுதான். ஆணுக்கு 60 சதவீதம் வரை. ஆக எனக்கு 29 லிட்டர், 78 கிலோ கணவருக்கு 47 லிட்டர். ஒரே 38 கிராம் என் உடம்பில் லிட்டருக்கு 1.3 கிராம், அவர் உடம்பில் 0.8. அவர் என் எடையே இருந்தாலும் 1.1தான் வரும்.

"ஆனா இதோட நிறுத்திடாதீங்க" என்றார். இந்தக் கணக்கு யாருக்குச் சீக்கிரம் போதை ஏறும் என்பதைத்தான் நன்றாக விளக்குமாம். ஈரல் எப்படியும் அந்த 38 கிராமையும் எரித்தாக வேண்டும். இரண்டாவதாக, இரைப்பையின் உட்சுவரிலும் ஆல்கஹாலை உடைக்கும் என்சைம் கொஞ்சம் உண்டு. பெண்களுக்கு அது குறைவு என்று 1990-இலேயே சார்லஸ் லீபரின் குழு காட்டியது. அதனால் ஈரலுக்குப் போய்ச் சேரும் பங்கு கூடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. வெறும் வயிற்றில் குடித்தால் மது இரைப்பையில் தங்காமல் குடலுக்கு ஓடிவிடும். அப்போது ஆணுக்கும் இந்த என்சைம் பெரிதாக உதவாது. பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்களைப் பின்தொடர்ந்த மில்லியன் விமன் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்தவர்களைவிட மற்ற நேரத்தில் குடித்தவர்களுக்கும், தினமும் குடித்தவர்களுக்கும் ஈரல் தழும்பேறிப் போகும் சிரோசிஸ் அதிகம் வந்தது. சமைத்துக்கொண்டே வெறும் வயிற்றில் குடிக்கும் எங்கள் லீட்ஸ் வழக்கம் ஞாபகம் வந்தது.

மூன்றாவதைத்தான் அவர் முக்கியமாக நினைத்தார். மது குடல் சுவரைக் கசிய வைக்கிறது. அங்குள்ள பாக்டீரியாவின் சிதைந்த துண்டுகள், எண்டோடாக்சின் என்பவை, நேராக ஈரலுக்குப் போகின்றன. அங்கே காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றைப் பார்த்து அழற்சியைக் கிளப்புகின்றன. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் அந்தச் செல்கள் இன்னும் சீக்கிரம் பொங்குகின்றன. மது கொடுத்த பெண் எலிகளில் சினைப்பையை எடுத்துவிட்டபோது ஈரல் சேதம் குறைந்தது, ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்தபோது சேதமும் திரும்பியது. மனிதரிலும் இதே அளவுக்கு நடக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

மக்களிடம் எடுத்த கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. கோபன்ஹேகனில் 13,000 பேரைப் பன்னிரண்டு வருடம் கவனித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரல் நோய் அபாயம் பெண்களுக்கு வாரம் 7 முதல் 13 டிரிங்கிலேயே ஏறத் தொடங்கியது, ஆண்களுக்கு 14 முதல் 27-இல். 2023-இல் ஃபேட்டி லிவருக்குப் புதுப் பெயர்கள் வைத்தபோதும் மதுவுக்கான கோட்டைப் பெண்களுக்கு வாரம் 140 கிராம், ஆண்களுக்கு 210 என்றுதான் போட்டார்கள். எங்கள் பாதி பாட்டில் நாலு இரவில் 150-ஐத் தாண்டும். அதே அளவு அவருக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எனக்கு அந்தப் பக்கம்.

"இங்கிலாந்தில் இருவருக்கும் ஒரே 14 யூனிட்தானே?" என்று கேட்டேன். 14 யூனிட் என்றால் 112 கிராம், 2016-இல் ஆண்களின் வரம்பை இறக்கி ஒன்றாக்கினார்கள். விபத்து, அடிதடி போன்ற உடனடி ஆபத்து ஆண்களுக்கு அதிகம், நீண்ட நாள் நோய் பெண்களுக்கு அதிகம், இரண்டையும் கூட்டிப் பார்த்து வந்த எண் அது என்றார். ஈரலை மட்டும் வைத்துப் போட்டதில்லை. என் ஜிபி இதை எனக்குச் சொன்னதே இல்லை, பத்து நிமிடத்தில் பாவம் அவர் என்ன சொல்வார்!

ஈரலில் எவ்வளவு தழும்பு என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மாடியிலேயே இருந்தது. லீட்ஸில் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் அன்றைக்கே எடுக்கத் துடித்தேன். அவர் விடவில்லை. எஸ்ஜிஓடி ஏறியிருக்கும்போது எடுத்தால் அழற்சியின் வீக்கத்தையும் மெஷின் தழும்பென்று காட்டும், முதலில் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். பெண் என்பதால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸையும் பார்க்க வேண்டும் என்று அதற்கும், ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் எழுதிக் கொடுத்தார். மூன்றும் நெகட்டிவ். நிறுத்துவதும் கஷ்டமாக இல்லை, மாமியார் வீட்டில் வைன் எங்கே கிடைக்கும்? விமானம் ஏறும் வாரத்தில் மறுபடி பார்த்தோம். எஸ்ஜிஓடி 29, ஜிஜிடி 58. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து எடுத்த ஃபைப்ரோஸ்கேன் 5.8 கிலோபாஸ்கல். பெரிய தழும்பு எதுவும் இல்லை, கொழுப்பும் இறங்கிவிடும், ஆனால் உங்கள் பாதி இனி பாதியாக இருக்க முடியாது என்றார். ஆறு மாதம் கழித்து லீட்ஸில் எடுக்க வேண்டிய டெஸ்டுகளை ஜிபிக்கு ஒரு கடிதமாகத் தன் கையாலேயே எழுதி, குடிக்கும் அளவையும் கிராமில் குறித்துக் கொடுத்தார்.